உங்களுக்குத் தெரியுமா? ஜீலம் கரையில் சம்மட்டியும் பட்டடையும்

1941இல் பம்பாயில் சோராப் மோடி எடுத்த ‘சிக்கந்தர்’ படம் காட்டும் போர், கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் அலெக்சாண்டருக்கும் போரஸுக்கும் நடந்தது.

மாசிடோனியக் காலாட்படையின் ஆயுதம் ‘சரிசா’ என்ற ஈட்டி. ஐந்து, ஆறு மீட்டர் நீளம் என்பதால் இரு கையாலும் பிடிக்க வேண்டும். சிறு கேடயம் கழுத்து வாரில் தொங்கும். முதல் சில வரிசைகளின் ஈட்டி முனைகள் ஒன்றாக முன்னே நீட்டி நிற்க, எதிரியால் நெருங்க முடியாது. இந்த அணிதான் பட்டடை. எதிரியை அது பிடித்து நிறுத்தும்போது, பக்கவாட்டிலோ பின்னாலோ பாயும் ‘துணைவர்’ குதிரைப்படை சம்மட்டி.

ஜீலத்தில் முதலில் இறங்கியது சம்மட்டி. போரஸின் இடது பக்கக் குதிரைப்படையை அலெக்சாண்டர் முன்னாலிருந்து தாக்க, தளபதி கோயனஸ் சுற்றிவந்து பின்னால் தாக்கினார். இருபுறமும் திரும்பிச் சண்டையிட முடியாமல் அது போரஸின் யானைகளிடம் ஒதுங்கியது. யானைகளோ ஈட்டி அணிக்குள்ளேயே புகுந்து வீரர்களை மிதித்தன. ஆனால் பாகர்கள் வீழ்ந்து, காயம்பட்ட யானைகள் நெரிசலில் சொந்தப் படையையும் மிதித்தன. அப்போது குதிரைப்படை சுற்றி வளைக்க, ஈட்டி அணி கேடயங்களை நெருக்கி முன்னேறியது.

இந்த உத்திக்குச் சமதரை வேண்டும். மேடுபள்ளத்தில் வரிசை பிளந்தாலோ, பக்கத்தைக் காக்கக் குதிரைப்படை இல்லாவிட்டாலோ எதிரி உள்ளே புகுந்துவிடுவான்; அவனை நோக்கி நீண்ட ஈட்டியைச் சட்டென்று திருப்ப முடியாது. கி.மு. 168இல் பிட்னாவில் ரோமானியர் அத்தகைய இடைவெளிகளில் புகுந்துதான் மாசிடோனியாவை வீழ்த்தினார்கள்.