மேனேஜருக்கு ஒரு ‘சோதனை முயற்சி’ மெயில்: ‘பாக்கலாம்’ என்ற பதிலைத் தவிர்ப்பது எப்படி?

“நல்ல ஐடியாதான், பாக்கலாம்.” வேலையில் ஒரு புது யோசனை சொன்ன பலருக்கும் கிடைத்த பதில் இதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். யோசனை மோசம் என்பதால் அல்ல. ‘ஓகே’ சொன்னால் எவ்வளவு பணம் போகும், எத்தனை நாள் ஆகும், சொதப்பினால் யார் பதில் சொல்வது என்பது மேனேஜருக்குத் தெரியாது. அந்த மூன்றுக்கும் மெயிலிலேயே பதில் இருந்தால், அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம் ரொம்பச் சின்னதாகிவிடும்.

ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்க்கலாம். கோவையில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. மூன்று ஷெட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏர் கம்ப்ரஸர். குழாய்களிலும் இணைப்புகளிலும் ‘உஸ்’ என்று காற்று கசிகிறது. கசியும் காற்றும் கரன்ட் செலவழித்து அழுத்தப்பட்டதுதான். கசிவை அடைத்தால் மின்கட்டணம் குறையும் என்று பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசருக்குத் தெரியும். மேனேஜரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

முதலில் அளவு, பிறகுதான் மெயில்

‘நிறைய கசியுது சார்’ என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. கசிவை அளக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி இல்லாத நேரத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, காற்றுக் குழாய் வால்வுகளை மட்டும் திறந்தே வைத்து, கம்ப்ரஸரை ஓடவிட வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை என்பதால், அது அழுத்தும் காற்று முழுக்கக் கசிவுக்கே போகிறது. எத்தனை விநாடி ‘லோடு’, எத்தனை விநாடி ‘அன்லோடு’ என்று சில சுற்றுகள் குறித்துச் சராசரி எடுத்தால் போதும்.

40 விநாடி லோடு, 80 விநாடி அன்லோடு என்று வந்தால், 120-ல் 40. அதாவது கசிவு 33 சதவீதம். நன்றாகப் பராமரிக்கும் ஆலைகளில் இது 10 சதவீதத்துக்குள் இருக்கும்.

மெயில் அனுப்பும் முன்பே இந்த எண் கையில் வேண்டும். இல்லாவிட்டால் சோதனை முடிந்ததும் எதோடு ஒப்பிடுவது?

லாபக் கணக்கில் சறுக்கும் இடம்

கம்ப்ரஸர் லோடில் மணிக்கு 22 யூனிட் இழுக்கிறது. மாதம் 520 மணி நேரம் ஓடுகிறது. ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவசரமாகக் கணக்குப் போட்டால், 520 மணியில் 33 சதவீதம், பெருக்கல் 22, பெருக்கல் 8. மாதம் 30,000 ரூபாய் மிச்சம்!

இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, கசிவு பூஜ்யம் ஆகவே ஆகாது; 15 சதவீதத்துக்கு இறக்கினாலே முதல் முயற்சியில் நல்ல பலன். இரண்டு, அன்லோடில் கம்ப்ரஸர் சும்மா இருப்பதில்லை, அப்போதும் மோட்டார் சுற்றுகிறது. அதற்கு மணிக்கு 7 யூனிட் போகிறது என்றால், உண்மையான மிச்சம் 15 யூனிட்தான்.

இப்போது திரும்பப் போடலாம். 33-லிருந்து 15-க்கு இறங்கினால் வித்தியாசம் 18 சதவீதம், அதாவது மாதம் சுமார் 94 மணி நேரம். அதை 15 யூனிட்டால் பெருக்கினால் சுமார் 1,400 யூனிட், கிட்டத்தட்ட 11,200 ரூபாய். முதல் கணக்கில் பாதிகூட இல்லை. ஆனால் விஷயம் தெரிந்த மேனேஜர் குறுக்குக் கேள்வி கேட்டாலும் நிற்கும் எண் இதுதான்.

செலவு, காலம், நிறுத்தும் எண்

செலவில் பலர் விட்டுவிடுவது ஆள் நேரம். ஹோஸ், கிளாம்ப், கப்ளருக்கு 9,000 ரூபாய் என்றால், ஞாயிறு வேலைக்கான ஓவர்டைம் 6,000 ரூபாயையும் சேர்த்து 15,000 என்றே எழுத வேண்டும். பிறகு தனியாக வந்து நின்றால் நம்பிக்கை போய்விடும்.

காலத்துக்கும் காரணம் வேண்டும். அடைப்பதற்கு இரண்டு வாரம் போதும். ஆனால் அதிர்வில் இணைப்புகள் மறுபடி தளரும். அதனால் கூடுதலாக இரண்டு வாரம் விட்டு அளந்தால்தான் பலன் நிற்கிறதா என்று தெரியும். ஆக, நான்கு வாரம்.

வெற்றியை மின்கட்டண பில்லை வைத்துச் சொல்லக் கூடாது. ஆர்டர் குறைந்தாலும் பில் குறையும்; கூடினால் கசிவை அடைத்தும் பில் ஏறும். ஞாயிறு கசிவுச் சோதனையில் உற்பத்தியின் கலப்பு இல்லை.

கடைசியாக, எந்த எண் வந்தால் கைவிடுவோம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கசிவு 20 சதவீதத்தில் நின்றால் மாத மிச்சம் சுமார் 8,100 ரூபாய். போட்ட பணம் இரண்டு மாதத்தில் திரும்பும். அதற்கு மேல் என்றால் மற்ற ஷெட்டுகளுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது நியாயமான கோடு.

மெயில் இப்படி இருக்கலாம்

> பொருள்: ஷெட் 2 காற்றுக் கசிவு – 4 வார சோதனைக்கு ரூ.15,000 அனுமதி கோரி
>
> வணக்கம் சார்,
>
> ஷெட் 2 கம்ப்ரஸரில் கடந்த ஞாயிறு அளந்தபோது கசிவு 33% இருந்தது. அளவுத் தாளை இணைத்துள்ளேன். இந்த ஒரு ஷெட்டில் மட்டும் 4 வாரம் கசிவை அடைத்துப் பார்க்க அனுமதி வேண்டும்.
>
> பலன்: கசிவு 15%-க்கு இறங்கினால் மாதம் சுமார் 1,400 யூனிட், ரூ.11,200 மிச்சம்.
>
> செலவு: பொருட்கள் ரூ.9,000, ஓவர்டைம் ரூ.6,000. மொத்தம் ரூ.15,000.
>
> காலம்: முதல் வாரம் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து டேக் கட்டுவது, 2-ம் வாரம் அடைப்பது, 3, 4-ம் வாரங்களில் மறுபடி அளப்பது. வேலை ஞாயிறு மட்டும், லைனில் அழுத்தத்தை இறக்கிய பிறகே நடக்கும். உற்பத்தி நிற்காது.
>
> முடிவு: 4-ம் வாரம் 20% அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மற்ற ஷெட்டுகள் பற்றிப் பேசலாம். அதற்கு மேல் இருந்தால் இத்தோடு நிறுத்திவிடலாம்.
>
> வரும் ஞாயிறே தொடங்க, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும் சார்.

கேட்பது என்ன என்பது பொருள் வரியிலேயே இருப்பதைக் கவனிக்கலாம். மூன்று ஷெட்டுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தால் செலவு கூடி, முடிவு மேலிடத்துக்குப் போயிருக்கும். 15,000 ரூபாய் மேனேஜரே கையெழுத்துப் போடக்கூடிய தொகையா என்பதை அனுப்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் ‘பாக்கலாம்’ என்றே பதில் வந்தால்? “எந்த எண்ல சந்தேகம் சார்?” என்று கேட்கலாம். செலவு என்றால் பாதி ஷெட்டில் தொடங்கலாம். அளவு என்றால் அடுத்த ஞாயிறு அவர் முன்னாலேயே அளந்து காட்டலாம்.