உயரமானவர் உயரமானவரை மணந்தால்

1880களில் லண்டனில் பிரான்சிஸ் கால்டன் 205 குடும்பங்களின் உயரங்களைத் திரட்டினார். பெற்றோரும், வளர்ந்து ஆளான பிள்ளைகள் 928 பேரும் அதில் அடக்கம். பிள்ளையின் உயரத்தை எதனோடு ஒப்பிடுவது, அப்பாவோடா அம்மாவோடா என்ற கேள்வி வந்தது. கால்டன் இரண்டையும் ஒன்றாக்கினார். பெண்கள் பொதுவாகக் குள்ளம் என்பதால் தாயின் உயரத்தை 1.08ஆல் பெருக்கினார். அதைத் தந்தையின் உயரத்தோடு கூட்டி, இரண்டால் வகுத்தார். இப்படிக் கிடைத்த எண்ணுக்கு ‘நடுப்பெற்றோர்’ என்று பெயரிட்டார்.

கணிதத்தில் இதை நேரியல் சேர்க்கை என்பார்கள். இரண்டு அளவுகளை ஆளுக்கொரு எண்ணால் பெருக்கிக் கூட்டுவது, அவ்வளவுதான். ஒருவர் உயரம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்பது கால்டனுக்குத் தெரியும். அப்படியானால் இந்தப் புதிய எண் எவ்வளவு சிதறும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

கால்டனின் அளவுகளை இன்றைய வழக்கில் சொன்னால், தந்தையின் உயரத்துக்குத் திட்ட விலக்கம் சுமார் 2.5 அங்குலம். 1.08ஆல் பெருக்கிய பிறகு தாய்க்கும் அதே 2.5 என்றே வைத்துக்கொள்வோம். திட்ட விலக்கங்களை நேரடியாகக் கூட்ட முடியாது. அவற்றின் வர்க்கத்தைத்தான் கூட்ட வேண்டும். 2.5இன் வர்க்கம் 6.25. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. பெருக்கும் எண்ணும் இதில் வர்க்கமாகித்தான் நுழையும். பாதியாக்கினால் சராசரி பாதியாகும், ஆனால் 6.25 கால்வாசியாகிவிடும். எல்லோரையும் செருப்போடு அளந்து ஆளுக்கு ஓர் அங்குலம் கூடியிருந்தாலோ, சராசரி மட்டும்தான் நகரும். சிதறல் அப்படியே இருக்கும்.

ஆக, நடுப்பெற்றோரின் விலக்க வர்க்கச் சராசரி 6.25இன் கால்பங்கும் இன்னொரு 6.25இன் கால்பங்கும் சேர்ந்து 3.125 என்று முடித்துவிடலாமா? அதன் வர்க்கமூலம் 1.77 அங்குலம். கால்டன் இந்த வழியில்தான் போனார். கணவன் மனைவி உயரத்துக்குள் தொடர்பு இல்லை, திருமணத்தில் உயரத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை என்பது அவர் முடிவு.

1903இல் கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அளந்து வேறு முடிவுக்கு வந்தார்கள். கணவன் மனைவி உயரங்களுக்கிடையே ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.28. உயரமானவர் ஓரளவு உயரமானவரைத்தான் மணக்கிறார். மாப்பிள்ளை பெண்ணைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அந்த 0.28ஐ நம் கணக்கில் நுழைப்போம். 0.28ஐ இரு திட்ட விலக்கங்களாலும் பெருக்கினால் 1.75. இதற்கு உடன்மாறுபாடு என்று பெயர். இருவரும் சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகிறார்கள் என்பதன் அளவு அது. கூட்டல் தொகையை வர்க்கமாக்கும்போது பள்ளியில் படித்த 2ab என்ற நடு உறுப்பு ஞாபகம் இருக்கிறதல்லவா? உடன்மாறுபாடு இங்கே வந்து உட்காருவது அந்த இடத்தில்தான், அதுவும் இரண்டு முறை. 6.25 + 6.25 + 1.75 + 1.75 = 16. இதை நான்கால் வகுத்தால் 4. திட்ட விலக்கம் 2 அங்குலம்.

1.77க்கும் 2க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நடுப்பெற்றோரின் சராசரி உயரம் கால்டன் கணக்கில் 68.25 அங்குலம். ஆறடியைத் தாண்டும் நடுப்பெற்றோர் எத்தனை பேர்? 1.77ஐ நம்பினால் ஆயிரத்துக்கு 17. 2ஐ எடுத்தால் 30. நடுவில் சிறிதாகத் தெரியும் பிழை ஓரத்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட இருமடங்காகிவிடுகிறது.

இனி தம்பதிக்குள் உயர வேறுபாடு எவ்வளவு என்றும் கேட்போம். தந்தையிலிருந்து (பெருக்கிய) தாயைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது நடு உறுப்பின் குறி மாறும்: 12.5 − 3.5 = 9, திட்ட விலக்கம் 3. தொடர்பே இல்லையென்றால் இது 3.54 ஆகியிருக்கும். அதே 1.75 சராசரியைச் சிதறடிக்கிறது, வேறுபாட்டைச் சுருக்குகிறது.

இரண்டு கேள்விக்கும் ஒரே வீச்சில் விடை சொல்ல அணிகள் உதவும். உடன்மாறுபாட்டு அணி Σ. நாம் செய்யும் சேர்க்கைகள் A அணியின் இரண்டு நிரைகள்:

```
A = | 1/2   1/2 |     Σ = | 6.25  1.75 |
    |  1    −1  |         | 1.75  6.25 |

AΣAᵀ = | 4  0 |
       | 0  9 |
```

A ஏன் இருபுறமும் நிற்கிறது? வர்க்கம் என்பது ஒன்றையே இரண்டு முறை பெருக்குவது. இடப்பக்கத்து A ஒரு முறைக்கு, வலப்பக்கத்து நிரைநிரல் மாற்று அணி இன்னொரு முறைக்கு. மூலைவிட்டத்தில் நாம் கண்ட 4ம் 9ம் இருக்கின்றன. மூலையில் இருக்கும் 0தான் புதிய செய்தி: சராசரிக்கும் வேறுபாட்டுக்கும் உடன்மாறுபாடு இல்லை. இது இயற்கையின் விதி என்று நினைத்துவிடக் கூடாது. இருவருக்கும் ஒரே 6.25 என்று நாம் வைத்துக்கொண்டதால் வந்த பூஜ்யம் இது. தந்தைக்கு 2.7, தாய்க்கு 2.5 என்று போட்டால் அங்கே 0.52 வந்து நிற்கும்.

இதுவரை சொன்ன கூட்டல் கழித்தல் எந்தப் பரவலுக்கும் பொருந்தும். மணி வடிவ இயல்நிலைப் பரவல் தேவைப்பட்டது ‘ஆயிரத்துக்கு 30’ என்று சொன்ன இடத்தில்தான். சேர்க்கையும் மணி வடிவில்தான் இருக்கும் என்று அங்கே நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு, தந்தை உயரம் தனியாகவும் தாய் உயரம் தனியாகவும் மணி வடிவில் இருந்தால் போதாது; இரண்டும் கூட்டாக இயல்நிலையில் இருக்க வேண்டும். மூலையில் பூஜ்யம் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லும் உரிமையும் அப்போதுதான் கிடைக்கும்.

போதாது என்பதற்கு ஓர் உதாரணம். ஒருவர் சராசரியிலிருந்து விலகும் அளவு மணி வடிவில் இருக்கட்டும். நாணயம் சுண்டி, தலை விழுந்தால் துணைக்கும் அதே விலகல், பூ விழுந்தால் அதன் எதிர்க்குறி என்று வைப்போம். துணையின் விலகலும் கச்சிதமான மணி வடிவம்தான். உடன்மாறுபாடும் பூஜ்யம். ஆனால் இரண்டையும் கூட்டினால் பாதித் தடவை விடை சரியாக 0! அது எந்த மணியிலும் சேராது. ஒருவரின் விலகல் தெரிந்தால் மற்றவருடையது குறி நீங்கலாக அப்படியே தெரிந்துவிடும். சாராதவை என்று எப்படிச் சொல்வது?

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளிப்படம் போட்டாலே போதும். நாணய உதாரணத்தில் புள்ளிகள் பெருக்கல் குறியாக விழும். கூட்டு இயல்நிலையில் நீள்வட்டமாகத் திரளும். கால்டன் தன் அட்டவணையில் பெற்றோர், பிள்ளை உயரங்களுக்கு ஒரே மையமுள்ள நீள்வட்டங்களைத்தான் கண்டார். அதன் கணிதத்தை 1886இல் அவருக்காகத் தீர்த்துக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜின் ஹாமில்டன் டிக்சன். ஆகவே உங்கள் கையில் இரண்டு பத்தித் தரவு இருந்தால், தனித்தனி வரைபடங்களோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புள்ளிப்படம் போட்டுப் பார்த்துவிட்டு AΣAᵀக்குப் போங்கள்.