சிரட்டைத் தணலும் ஒரு சொட்டு நெய்யும்

2021 கடைசியிலும் 2022 இலும் இலங்கையில் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது, யாழ்ப்பாணத்தில் கன வீடுகள் பழையபடி விறகடுப்புக்குத் திரும்பின. பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து, தென்னம் மட்டையும் பனம் மட்டையும் ஊமலும் எரித்துச் சமைத்த அந்த மாதங்களில், கறியின் உருசி மாறிவிட்டது என்று பலர் சொன்னார்கள். சட்டியைச் சுற்றி மேலெழுந்த விறகுப் புகை, மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் கறிக்குள் கொஞ்சம் இறங்கியதுதான் காரணம். காஸ் அடுப்பு அந்தப் புகையைத் தராது. அதற்கு ஈடாக இப்போது பல குசினிகளில் ஒரு வேலை நடக்கிறது: கறி இறக்கியபின் நடுவில் சின்னக் கிண்ணம் ஒன்றை வைத்து, அதில் சிவந்த கரித்துண்டை இட்டு, மேலே நெய் விட்டு, உடனே மூடிவிடுவது.

இது யாழ்ப்பாணத்துப் பழைய கைமுறை அல்ல. வட இந்தியாவில் இதற்குத் துங்கார் என்று பெயர். ராஜஸ்தானின் லால் மாஸ் என்ற சிவப்பு இறைச்சிக் கறிக்கும், லக்னோவின் கலௌட்டி கபாப்புக்கான அரைத்த இறைச்சிக்கும், மோருக்கும்கூட அங்கே இப்படிப் புகை போடுவார்கள். நெய்யோடு ஒரு கராம்பும் தணலில் விழும். நாங்கள் புகை மணத்தைச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலிலும் தணலில் சுட்ட கருவாட்டிலும் அறிந்தவர்கள். அவற்றில் உணவையே நெருப்பில் வைக்கிறோம். துங்காரில் உணவுக்கு நெருப்பே படாது, புகை மட்டும் படும்.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, கறியில் ஏறுவது கரியின் புகை அல்ல, நெய்யின் புகை என்பது. விறகுப் புகைக்கு அதன் மணத்தைக் கொடுப்பவை, மரத்தைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது பிறக்கும் குவாயகோல், சிரிங்கோல் போன்ற சேர்மங்கள். சிரட்டையிலும் லிக்னின் நிறைய உண்டு. ஆனால் சிரட்டையைக் கரியாக்கும்போதே அவை பெரும்பாலும் போய்விடும். நன்றாகச் சுட்ட கரி எரியும்போது புகைக்காததற்குக் காரணம் அதுதான். ஆகவே கிண்ணத்தில் இருக்கும் தணல் வெறும் சூடு. அந்தச் சூட்டில் நெய் உடைந்து கிளம்பும் புகைதான் உருசி. இறைச்சியைத் தணலுக்கு மேலே வாட்டும்போது சொட்டுகிற கொழுப்பு நெருப்பில் விழுந்து எழுப்பும் மணமும் இதே வகைதான். அதனால்தான் இப்படிப் புகை போட்ட கறி விறகடுப்புக் கறிபோல இல்லாமல், வாட்டிய இறைச்சியின் சாயலில் மணக்கும். விறகடுப்பின் மணமே வேண்டும் என்றால் அதற்கு இது வழியல்ல.

இது விளங்கினால் கரியை எப்படித் தெரிவது என்பதும் விளங்கும். சிரட்டைக்கரி முழுக்கக் கறுத்து, உடைத்த இடம் மினுங்கி, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மண்ணிறம் தெரிகிற, தட்டினால் சத்தம் மழுங்கிப்போகிற துண்டு அரைகுறையாய்ச் சுட்டது. அதைப் பற்றவைத்தால் தார் நாற்றத்தோடு மஞ்சள் புகை வரும். அந்த நாற்றம் கறியில் ஏறினால் போகாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கடையில் வாங்கும் கட்டிக்கரியில் இன்னொரு சிக்கல். உடனே பற்றுவதற்காக எண்ணெய் ஊட்டிய கரி உண்டு, மாவும் வேறு சேர்மானமும் போட்டு அச்சில் அழுத்திய கரியும் உண்டு. இந்த வேலைக்கு இரண்டும் ஆகாது. ஒன்றும் கலக்காத மரக்கரியோ சிரட்டைக்கரியோதான் சரி.

ஒரு கிலோ ஆட்டிறைச்சிக் கறியை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பால் விட்டு, வற்றி, எண்ணெய் மேலே தெளிந்து நிற்கிற பக்குவத்தில் அடுப்பிலிருந்து இறக்கியாயிற்று. உடனே புகை போடக்கூடாது. கொதியாவி மூடியில் ஒட்டி, புகையையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு, பழுப்பு நிறத் துளிகளாகக் கறியில் சொட்டும். அந்தத் துளி ஒன்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கசப்பு எப்படி என்று தெரியும். ஐந்து நிமிடம் திறந்து வைத்து, ஆவி தணிந்தபின், மூடியின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்துக்குள் கரியைத் தயார் செய்யலாம். தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு போதும். சிரட்டை மெல்லியது, தனித் துண்டு சீக்கிரம் ஆறிவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்து வைப்பது நல்லது. காஸ் அடுப்பில் கம்பி வலையின் மேல் வைத்து, குறட்டால் புரட்டிப் புரட்டி, எல்லாப் பக்கமும் சிவந்து மேலே மெல்லிய வெண்சாம்பல் படரும்வரை விடுங்கள். நடுவில் கறுப்பு தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். சிரட்டைக்கரி பொறி தெறிக்கும், பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம். பொங்கலடுப்போ விறகடுப்போ எரிந்துகொண்டிருந்தால் அதிலிருந்து தணலை எடுத்து, சாம்பலை ஊதிவிட்டால் முடிந்தது.

கிண்ணம் சில்வரில் சின்னதாக இருக்கட்டும். கண்ணாடியும் பீங்கானும் வெடிக்கக்கூடும். கறியின் நடுவே கிண்ணத்தை அமர்த்தி, தணலைக் குழிந்த பக்கம் மேலாக வையுங்கள். கவிழ்த்து வைத்தால் நெய் வழிந்து அடியில் தேங்கிவிடும். தணல் ஆறும் முன், அரைத் தேக்கரண்டி உருக்கிய நெய்யை அதன் மேல் விட்டு, அந்தக் கையோடு மூடுங்கள்.

நெய் பற்றிச் சுவாலை எழும்பினால் பலர் பயந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சுவாலை எரியும்வரை புகை உண்டாகாது, புகையாக வேண்டியதை அதுவே எரித்துவிடும். மூடினால் காற்றில்லாமல் சுவாலை அணைந்து புகை நிறையும். நெய்யைக் கூட்டினால் மணம் கூடும் என்ற எண்ணமும் பிழை. இரண்டு மூன்று கரண்டி விட்டால் தணல் நெய்யில் மூழ்கி அணையும், பிறகு வருவது பழைய பலகார எண்ணெயின் வாடை. வெண்ணெயும் வேண்டாம், அதில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட நீர் இருக்கிறது, அது தணலைக் குளிர்த்திச் சீறும்.

ஆட்டிறைச்சிக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். நல்ல புகை முதல் ஒரு நிமிடத்திலேயே வந்துவிடுகிறது, மிச்ச நேரம் அது கறியில் படிவதற்கு. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், காற்றில்லாமல் மங்கும் தணலில் ஒட்டிய நெய் கருகி, கண்ணை எரிக்கும் காரப்புகை வரும். கறி தொண்டையில் கரகரக்கும். மண்சட்டியின் மூடி பொருந்தாமல் இடைவெளி விட்டால், ஈரத்துணியைச் சுற்றி அடைக்கலாம். சட்டியில் மேலே நாலு விரல் இடம் இருந்தால் நல்லது. பெரிய கிடாரத்தின் அடியில் கொஞ்சக் கறி கிடந்தால் புகை மேலேயே நின்றுவிடும்.

கிண்ணத்தை எடுத்தபின் கறியைக் கிளறி ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். புகையின் மணப்பொருட்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. மேலே தெளிந்த எண்ணெய்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும், கிளறும்போதுதான் அது கறியெங்கும் போகும். சமைத்தவர் அப்போதே உருசி பார்த்து முடிவெடுக்க வேண்டாம். புகைக்குள் நின்ற மூக்குக்கு மணம் பிடிபடாது, போதாது என்று இரண்டாம் முறை போடத் தோன்றும். முற்றத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து பாருங்கள், அல்லது வெளியிலிருந்து வருகிறவரிடம் ஒரு கரண்டி கொடுங்கள்.

தயிர்ப் பச்சடிக்குக் கணக்கு வேறு. தயிர் குளிர்ந்தது. புகை சூடான இடத்தைவிடக் குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் வேகமாகப் படியும். தூளும் உறைப்பும் இல்லாத தயிரில் அதை மறைக்கவும் எதுவும் இல்லை. ஆகவே நெய் கால் தேக்கரண்டி, நேரம் ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை. சூடான கிண்ணத்தை நேரே தயிரில் வைத்தால் சுற்றிலும் திரியும். பெரிய வெங்காயத்தின் தடித்த இதழைக் கிண்ணம்போல் குழித்து, அதன் மேல் சில்வர் கிண்ணத்தை வைத்தால் சூடு இறங்காது. உப்புப் போட்டு அடித்த வெறுந்தயிருக்குப் புகை போட்டு, பிறகு வெங்காயம், பச்சைமிளகாய், வெள்ளரிக்காய் கலக்குவதுதான் என் வழக்கம். முன்பே கலந்தால் வெள்ளரி நீர் விட்டு, புகை அந்த நீரோடு மேலே நின்று சாம்பல் தின்றதுபோல் இருக்கும். கொழுப்பெடுத்த பாலில் உறைத்த தயிரில் மணம் கூர்மையாக முன்னுக்கு நிற்கும். முழுப்பால் தயிரில்தான் அது உள்ளடங்கும். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு இந்தப் பச்சடியும், எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்ப் பால்கறியும் நன்றாகப் புகை ஏற்கும்.

புகை கூடிப்போனால் தயிருக்குத் தீர்வு சுலபம்: புகை போடாத தயிரை அதே அளவு சேர்த்து அடித்துவிடலாம். கறிக்குத் தடித்த தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி காட்டலாம், ஓரளவு அடங்கும். தார் நாற்றம் ஏறியிருந்தால் எதுவும் உதவாது.

கரியை எரிக்கும் இடத்தில் யன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். தணல் கார்பன் மொனொக்சைட்டை விடும், அதற்கு நிறமும் மணமும் இல்லை. குளிர்நாட்டில் கதவெல்லாம் பூட்டிய அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைப் பல்கனியில் வைத்துச் செய்வதே சரி. கொழுப்பு தணலில் கருகும் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்கள் சிறிதளவு உண்டு, வாட்டிய இறைச்சியில் இருப்பதுபோலவே. இதை நாளாந்தப் பழக்கமாக்காமல் விசேஷத்துக்கு வைத்துக்கொள்ள அது போதிய காரணம். வேலை முடிந்த தணலை நீரிலோ மணலிலோ போட்டு அணைத்தபின்தான் குப்பைக்குப் போடவேண்டும். மேலே சாம்பல் பூத்துச் செத்ததுபோல் கிடக்கும் துண்டு உள்ளே வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

எல்லாக் கறிக்கும் இது பொருந்தாது. சொதியிலும் இரசத்திலும் புகையைப் பிடிக்கப் போதிய கொழுப்பில்லை, சாம்பல் மணம்தான் மிஞ்சும். புளி தூக்கலான மீன்குழம்பில் மீனின் மணமும் புகையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஒடியல் கூழுக்கு ஒடியல் மாவின் மணமே போதும், அதன் மேல் நெய்ப்புகையை ஏற்றினால் கெடுவது கூழ்தான்.