வட்டியைவிடக் குறைவாக எடுத்தாலும் பணம் தீரும்!

நிலம் விற்ற பணமோ, சாலை விரிவாக்கத்துக்குப் போன நிலத்தின் இழப்பீடோ, கையில் 30 லட்சம் ரூபாய் இருக்கிறது. வயது 60 ஆகிவிட்டது. இனி காடு கழனியில் இறங்கி வேலை பார்க்க உடம்பு ஒத்துழைக்காது. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய் வரும். குடும்பச் செலவோ மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000 ரூபாய்தான். 'வட்டியிலேயே 30,000 மிச்சம். அசலைத் தொடவே வேண்டாம். கண்ணை மூடும்வரை கவலையில்லை' என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. அதுதான் விலைவாசி. இன்று 15,000 ரூபாயில் ஓடும் குடும்பம், விலைவாசி 6 சதவீதம் ஏறினால் அடுத்த ஆண்டு 15,900 ரூபாய் இல்லாமல் ஓடாது. பதினோராவது ஆண்டில் அதே அரிசி, பருப்பு, மருந்து மாத்திரைக்கு மாதம் சுமார் 26,900 ரூபாய் வேண்டும். வட்டி மட்டும் அதே 7 சதவீதத்தில் நிற்கும்.

30 லட்சம் எத்தனை நாளைக்கு?

ஆண்டுத் தொடக்கத்தில் அந்த ஆண்டுச் செலவுக்கான பணத்தை எடுத்துக்கொள்கிறோம். மீதிக்கு 7 சதவீத வட்டி சேர்கிறது. அடுத்த ஆண்டு 6 சதவீதம் கூடுதலாக எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படிப் போகும்:

| வயது | அந்த ஆண்டுச் செலவு (ரூ.) | ஆண்டு முடிவில் இருப்பு (ரூ.) |
|---|---|---|
| 60 | 1,80,000 | 30,17,000 |
| 64 | 2,27,000 | 29,69,000 |
| 69 | 3,04,000 | 25,06,000 |
| 74 | 4,07,000 | 12,96,000 |
| 77 | 4,85,000 | 17,000 |

78-வது வயதில் தேவை 5,14,000 ரூபாய். கையிருப்பு 17,000 ரூபாய். ஆக, 18 ஆண்டுகளில் பணம் முடிந்துவிட்டது. மனைவி ஐந்து வயது இளையவர் என்றால் அப்போது அவருக்கு 73 வயதுதான். அதற்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும்.

அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். முதல் நான்கு ஆண்டுகளில் இருப்பு 30 லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. முதல் பாதிப் பணம் கரைய ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகின்றன. மறுபாதி நாலே ஆண்டில் காலியாகிறது. இதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனாலும் ஓர் அடையாளம் இருக்கிறது. ஆண்டு முடிவில் பாஸ்புக்கை எடுத்து, அந்த ஆண்டு வரவான வட்டியையும் எடுத்த பணத்தையும் ஒப்பிடுங்கள். எடுத்தது வட்டியைத் தாண்டிய ஆண்டில் இறக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் கணக்கில் அது மூன்றாவது ஆண்டிலேயே நடந்துவிடுகிறது.

வகுத்துப் பார்த்தால் போதும்

இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், இருப்பை ஆண்டுச் செலவால் வகுத்தால் கிடைப்பதே மீதமுள்ள ஆண்டுகள். வட்டியால் பணம் எவ்வளவு வளர்கிறதோ, அவ்வளவு செலவும் வளர்கிறது. ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

30 லட்சத்தை 1,80,000-ஆல் வகுத்தால் 16.7 வருகிறது. வட்டி ஒரு சதவீதம் கூடுதல் என்பதால் 18 ஆண்டு கிடைத்தது. 69 வயது முடிவில் 25 லட்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர், அதை அடுத்த ஆண்டுச் செலவான 3,22,000-ஆல் வகுத்துப் பார்த்தால் 7.8 தான் வரும். எட்டு ஆண்டுக்குத்தான் பணம் இருக்கிறது.

6 சதவீதம் அதிகமில்லையா என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கிக்கு வைக்கப்பட்டுள்ள விலைவாசி இலக்கு 4 சதவீதம். மேல் எல்லை 6 சதவீதம். 4 சதவீதத்திலேயே நின்றால் இதே பணம் 22 ஆண்டு வரும். 8 சதவீதமானால் 15 ஆண்டுதான். விதைக்கும்போது மழை குறையும் என்று எண்ணித் திட்டமிடுவதுபோல, இங்கும் மேல் எல்லையை வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது.

முதல் ஆண்டுகளில்தான் எல்லாம்

பணம் எத்தனை ஆண்டு வரும் என்பதைத் தீர்மானிப்பது முதலில் எடுக்கும் தொகை. மாதம் 12,000 என்று தொடங்கினால் 23 ஆண்டு. 10,000 என்று தொடங்கினால் 28 ஆண்டு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் சொன்ன '4 சதவீத' விதி பிரபலமானது. முதல் ஆண்டு மொத்தப் பணத்தில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப கூட்டிக்கொண்டே போனால் 30 ஆண்டு தாங்கும் என்றார் அவர். 30 லட்சத்துக்கு அது மாதம் 10,000 தான். ஆனால், அவர் பாதியோ அதற்கு மேலோ பங்குச்சந்தையில் இருக்கும் பணத்துக்கு, அந்நாட்டு விவரங்களை வைத்துச் சொன்னது அது. வங்கி டெபாசிட்டுக்கு அப்படியே பொருந்தாது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பு 2023-ல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த வட்டியில் 30 லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கையில் வரும். செலவு 45,000 என்றால் 16,500 மிச்சம். அந்த மிச்சம் நாளைய விலையேற்றத்துக்கான பணம். அதை ஆர்.டி.யில் போட்டு வைக்காமல் செலவழித்தால், கடைசி ஆண்டுகளில்தான் துண்டு விழும்.

அதேபோல் இரண்டாம் ஆண்டிலேயே பேத்தி கல்யாணத்துக்கோ, வீட்டுக்கு மாடி கட்டவோ 5 லட்சத்தை எடுத்தால், 18 ஆண்டு 15 ஆண்டாகிவிடும். கொடுப்பதானாலும் மூன்று ஆண்டுச் சோற்றைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

ஒரு ஏக்கரையாவது வைத்திருங்கள்

விவசாயிக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நிலம் முழுவதையும் விற்காமல் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டு, குத்தகையைப் பணமாகப் பேசாமல் நெல்லாகப் பேசினால், அந்த வருமானம் விலைவாசியோடு தானே ஏறும். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2014-15-ல் குவிண்டாலுக்கு 1,360 ரூபாய். 2024-25-ல் 2,300 ரூபாய். 10 குவிண்டால் குத்தகை என்றால் 13,600 ரூபாயாக இருந்தது 23,000 ஆகியிருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேலான ஏற்றம் இது. பணக் குத்தகையை மாற்றிப் பேசாதவருக்கு அதே 13,600 தான். விளைச்சல் பொய்த்தால் நெல் வராது என்பதால் முழுச் செலவையும் இதை நம்பி வைக்க முடியாது. ஆனால், டெபாசிட்டில் கை வைப்பது குறையும்.

இனி ஆண்டுதோறும் சித்திரையில் இருப்பை அந்த ஆண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவரில் இளையவருக்கு 90 வயதாக இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறதோ, விடை அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால், அந்த ஆண்டு மட்டும் 6 சதவீதம் கூட்டாமல் போன ஆண்டுத் தொகையையே எடுங்கள். இரண்டாம் ஆண்டில் அப்படி ஒருமுறை நிறுத்தினாலே 18 ஆண்டு 19 ஆகிவிடுகிறது. 75 வயதில் நிறுத்தினால் சில மாதங்கள்தான் கிடைக்கும்.