பதில் எப்போது வரும்? உதவி மனுக்களுக்கு ஒரு வாரக் கணக்கு

அறக்கட்டளையானாலும் ஜமாஅத் அலுவலகமானாலும் பள்ளிக்கூட நிர்வாகமானாலும், மனு வாங்கும் இடங்களில் இப்போது ஒரு பொது மின்னஞ்சல் பெட்டி இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, வீட்டு வாடகை என்று பல தேவைகளுக்கான கடிதங்கள் அந்த ஒரே பெட்டியில் வந்து சேருகின்றன. எழுதியவர் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பதில் எப்போது வரும்? கட்டணம் கட்டக் கடைசி நாள் 20ஆம் தேதி என்றால், 21ஆம் தேதி வரும் நல்ல பதிலால் அந்தப் பிள்ளைக்குப் பயனில்லை.

இந்தக் கேள்விக்கு உத்தேசமாகச் சொல்லாமல் கணக்குப் பார்த்துச் சொல்ல முடியும். அதற்கு வாரத்துக்கு ஐந்தாறு எண்கள் போதும். ஆனால் அந்த எண்களை எடுக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. கவனிக்காவிட்டால், கடிதங்கள் தேங்கிக் கிடக்கும்போது எல்லாம் நன்றாக நடப்பதாகவும், தேக்கத்தைத் தீர்க்கும்போது வேலை கெட்டுப்போனதாகவும் அவை காட்டும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை.

எழுதி வைக்க வேண்டியவை

ஒரு நோட்டோ கணினியில் ஓர் அட்டவணையோ இருந்தால் போதும். கடிதம் ஒன்றுக்கு ஒரு வரி. அதில் வரிசை எண், வந்த தேதி, முதல் பதில் போன தேதி, விஷயம் முடிந்த தேதி, கடைசி நாள் ஏதேனும் இருந்தால் அந்தத் தேதி. பெயரும் கஷ்டமும் இந்த அட்டவணைக்குத் தேவையில்லை. வரிசை எண்ணே போதும் என்பதால் யாருடைய நிலைமையும் வெளியே தெரியாது.

மூன்று விதிகளை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே விஷயமாக ஒருவர் மூன்று முறை எழுதினாலும் அது ஒரே வரிதான். வந்த தேதி முதல் கடிதத்தின் தேதி. "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று கணினி தானாக அனுப்புவது முதல் பதில் ஆகாது. ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதியதே பதில். உதவி கொடுத்தாலோ, முடியாது என்று காரணத்துடன் சொன்னாலோதான் விஷயம் முடிந்ததாக எழுத வேண்டும்.

விடுமுறை நாட்களையும் சேர்த்தே நாட்களை எண்ண வேண்டும். அலுவலகம் மூடியிருக்கும் நாளிலும் எழுதியவர் வீட்டில் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வாரம் ஒருமுறை நான்கு எண்கள்

வெள்ளி முதல் வியாழன் வரை ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் மாலை ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். வாரத் தொடக்கத்தில் இருந்த நிலுவை, புதிதாக வந்தவை, முடித்தவை, இப்போது மீதியுள்ள நிலுவை ஆகியவை அந்த நான்கு எண்கள். நிலுவையுடன் வந்தவற்றைக் கூட்டி, முடித்தவற்றைக் கழித்தால் மீதி வர வேண்டும். பெட்டியைத் திறந்து எண்ணும்போது வேறு எண் வந்தால், ஏதோ ஒரு கடிதம் பதியாமல் விட்டுப்போயிருக்கிறது. கடைக்காரர் இரவில் கல்லாவைச் சரிபார்ப்பது போன்றதுதான் இதுவும்.

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஓர் அலுவலகத்தின் நான்கு வாரங்கள் இப்படி இருக்கலாம்:

| வாரம் | தொடக்க நிலுவை | வந்தவை | முடித்தவை | மீதி |
|---|---|---|---|---|
| 1 | 12 | 30 | 26 | 16 |
| 2 | 16 | 34 | 27 | 23 |
| 3 | 23 | 33 | 26 | 30 |
| 4 | 30 | 27 | 35 | 22 |

மூன்றாம் வாரக் கடைசியில் நிலுவை 30 ஆனதை மட்டும் பார்ப்பவர், வேலை செய்பவர்கள் மெத்தனமாக இருக்கிறார்கள் என்று நினைப்பார். நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் வேறு. அவர்கள் மூன்று வாரமும் 26, 27, 26 என்று ஒரே அளவில்தான் முடித்திருக்கிறார்கள். வரவு அதைவிட அதிகம் என்பதால் வாரத்துக்கு நான்கு, ஏழு, ஏழு என்று மீதி ஏறியது. கண்டிப்பதால் இது குறையாது. இன்னும் ஒருவர் கைகொடுக்க வேண்டும். நான்காம் வாரத்தில் அப்படி ஒருவர் வந்து 35 முடிந்ததும் நிலுவை எட்டு குறைந்தது.

அதிலிருந்து நாட்களைச் சொல்வது

நிலுவையை ஒரு வாரத்தில் முடியும் எண்ணால் வகுத்தால், காத்திருப்பு எத்தனை வாரம் என்று தோராயமாகக் கிடைக்கும். மூன்றாம் வாரக் கடைசியில் 30 கடிதங்கள் இருக்க, வாரத்துக்கு 26 முடிகிறது. 30ஐ 26ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் சுமார் 8 நாள். முதல் வாரத் தொடக்கத்தில் நிலுவை 12தான். அதே கணக்கில் அது மூன்று நாளுக்குச் சற்று மேல். வரிசையில் நிற்பவர்கள், வரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகியவற்றுக்கு இடையே உள்ள இந்த உறவை அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். வங்கி வரிசைக்கும் தொழிற்சாலைக்கும் பயன்படும் அதே விதிதான் இது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. இது சராசரியைச் சொல்லும் கணக்கு. வரவும் முடிப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும் காலத்தில்தான் நன்றாகப் பொருந்தும். கடிதங்களை வந்த வரிசைப்படி எடுத்தால்தான் தனி ஒருவருக்கும் இதைச் சொல்ல முடியும். ஆனாலும் இதனால் ஒரு பெரிய பயன் இருக்கிறது. இன்று எழுதுபவருக்கு எட்டு நாள் ஆகும் என்று தெரிகிறது. அவர் கட்டணம் கட்ட ஆறு நாள்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கடிதத்தை இன்றே வரிசையிலிருந்து முன்னே எடுக்க வேண்டும். கடைசி நாளுக்கென்று தனியாக ஓர் இடம் விட்டது இதற்காகத்தான்.

சராசரி ஏமாற்றும் இடம்

பதில் போக எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டால், பெரும்பாலான அலுவலகங்கள் இந்த வாரம் பதில் போன கடிதங்களை எடுத்துச் சராசரி போடுகின்றன. பொறி இங்கேதான் இருக்கிறது.

ஒரு வாரம் பத்துக் கடிதங்கள் வந்தன. ஆறு எளிதானவை, மறுநாளே பதில் போனது. நான்கு கடினமானவை. மருத்துவமனைப் பில்களைப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்று அவை ஒதுக்கி வைக்கப்பட்டன. பதில் போன ஆறுக்கும் ஒவ்வொரு நாள் என்பதால் "சராசரி 1 நாள்" என்று அறிக்கை வருகிறது. காத்திருக்கும் நால்வரும் அந்தக் கணக்கிலேயே இல்லை. பதிலே போகாதவருக்குப் "பதில் போன நாட்கள்" என்று ஓர் எண் கிடையாது அல்லவா? மேலும் எத்தனை கடிதங்களை ஒதுக்கினாலும் சராசரி அழகாகவே இருக்கும்.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து அந்த நான்கையும் இருபதாம் நாளில் முடிக்கிறார்கள். அதே வாரம் வந்த ஆறு எளிய கடிதங்களுக்கும் ஒரே நாளில் பதில் போகிறது. இப்போது கணக்கு: ஆறு கடிதத்துக்கு 6 நாள், நான்கு கடிதத்துக்கு 80 நாள், மொத்தம் 86. பத்தால் வகுத்தால் சராசரி 8.6 நாள். காகிதத்தில் இதுதான் மோசமான வாரம். அந்த நான்கு குடும்பங்களைக் கேட்டால் இதுதான் நல்ல வாரம் என்பார்கள். இந்தச் சராசரியை வைத்துப் பாராட்டும் கண்டிப்பும் நடந்தால், பழைய கடிதத்தைத் தொடவே யாருக்கும் மனம் வராது.

மாற்றிக் கேட்க வேண்டிய கேள்வி

போன பதில்களை எண்ணாமல், வந்த கடிதங்களை எண்ண வேண்டும். "போன வாரம் வந்த கடிதங்களில் எத்தனைக்கு இரண்டு நாளுக்குள் முதல் பதில் போனது?" மேலே சொன்ன முதல் வாரத்துக்கு இதன் விடை பத்துக்கு ஆறு. பதில் போகாத நான்கும் பத்துக்குள் இருப்பதால் மறைய வழியில்லை. இந்த வியாழன் எழுதும்போது போன வாரக் கடிதங்களைத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் கடைசி நாளில் வந்த கடிதத்துக்கும் இரண்டு நாள் அவகாசம் கிடைத்திருக்கும்.

இதன் பக்கத்தில் நிலுவையின் வயதையும் எழுத வேண்டும். நான்காம் வாரத்தில் மீதி 22 என்றோம். அதில் ஒரு வாரத்துக்குட்பட்டவை 15, இரண்டாம் வாரத்தில் இருப்பவை 5, அதற்கும் மேல் 2 என்று பிரித்தால்தான் நிலைமை புரியும். 22ம் நேற்று வந்தவையாக இருந்தாலும், 22ம் மாதக்கணக்கில் கிடந்தாலும் மீதி என்ற எண் ஒன்றுதான். எல்லாவற்றிலும் பழைய கடிதத்துக்கு எத்தனை நாள் என்பதைத் தனியாக எழுதி, வாராவாரம் கூட்டத்தில் முதலில் அதைப் பேசுவது நல்ல வழக்கம்.

கணினி அட்டவணையில் செய்பவர்களுக்கு: வந்த தேதி B, முதல் பதில் C, முடிந்த தேதி D, கடைசி நாள் E, வாரத்தின் முதல் நாள் H1, கடைசி நாள் H2 என்று வைத்தால், இரண்டாம் வரிசையில் F2 கட்டத்தில் முதல் சூத்திரத்தை இட்டுக் கீழே இழுக்க வேண்டும். அடுத்த மூன்றும் முறையே வந்தவை, முடித்தவை, இரண்டு நாளுக்குள் பதில் போனவை.

```
=IF(C2="","",C2-B2)
=COUNTIFS(B:B,">="&H1,B:B,"<="&H2)
=COUNTIFS(D:D,">="&H1,D:D,"<="&H2)
=COUNTIFS(B:B,">="&H1,B:B,"<="&H2,F:F,"<=2")
```

தேதியை மட்டும் எழுதுங்கள். மணியையும் சேர்த்தால் வாரத்தின் கடைசி நாளில் வந்தவை விடுபட்டுப்போகும்.

யார் பக்கம் நிற்கிறது?

பல கடிதங்கள் அலுவலகத்தில் நிற்பதில்லை. கட்டண ரசீது, மருத்துவர் சீட்டு என்று கேட்டு எழுதியபின் அனுப்பியவரிடம் நிற்கின்றன. இவற்றைத் தனியாகக் குறித்து, நிலுவையை "அலுவலகத்தில் இத்தனை, மனுதாரரிடம் இத்தனை" என்று இரண்டாக எழுதலாம். ஆனால் இவற்றை நிலுவையிலிருந்தே எடுத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் வேண்டாத ஒரு தாளைக் கேட்டு எழுதியே கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம். மனுதாரர் பக்கத்து எண் மட்டும் வாராவாரம் ஏறினால், எந்தெந்தத் தாள் வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எழுதுபவர்களும் கணக்கு சரியாக இருக்க உதவலாம். நினைவூட்டும்போது புதிய கடிதம் எழுதாமல் பழைய கடிதத்தின் கீழேயே எழுதுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தேவை என்றால் இரண்டு கடிதமாக அனுப்புங்கள். கடைசி நாள் இருந்தால் முதல் வரியிலேயே அந்தத் தேதியை எழுதிவிடுங்கள். எந்த அலுவலகமானாலும், பதில் எப்போது வரும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த அட்டவணையை வைத்திருப்பவர்களால் அதற்கு நாள் கணக்கில் பதில் சொல்ல முடியும்.