இரண்டு கோடியில் ஒரு பங்கு

ரத்தக் கொதிப்புக்காகப் பலர் தினமும் விழுங்கும் லோசார்டான் மாத்திரையின் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படி வளையங்களை ஒட்டவைக்க வேதியியலாளர்கள் பெரும்பாலும் நாடுவது சுசுகி இணைப்பு வினை. ஒரு வளையத்தில் புரோமின், மற்றொன்றில் போரான், இரண்டையும் சேர்த்துவைக்கப் பல்லேடியம் என்ற உலோகம். பல்லேடியம் இங்கே வினையூக்கி. அதாவது வினையை நடத்திக்கொடுத்துவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த ஜோடிக்குப் போய்விடும். இந்த முறையைக் கண்டறிந்த ஜப்பானியர் அகிரா சுசுகிக்கு 2010இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பல்லேடியம் விலை கூடிய உலோகம். மருந்து தயாரித்து முடித்தபின் அதன் மிச்சத்தை மாத்திரையிலிருந்து அகற்றவும் வேண்டும். அதனால் 2003இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த நிக்கோலஸ் லெட்பீட்டர் தன் சக ஆய்வாளருடன் வெளியிட்ட கட்டுரை வேதியியலாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. தண்ணீரில் சோடியம் கார்பனேட்டும் ஓர் அம்மோனிய உப்பும் சேர்த்து, மைக்ரோவேவில் 150 டிகிரி செல்சியஸுக்குச் சில நிமிடங்கள் சூடாக்கினால், எந்த உலோகமும் சேர்க்காமலே வளையங்கள் ஒட்டுகின்றன என்றது அந்தக் கட்டுரை.

அந்தக் கட்டுரை உங்கள் மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் உள்ள சாட்சியங்களை எப்படி எடைபோடுவது?

முதலில் விளைபொருள். அது உண்மையிலேயே வளையங்கள் ஒட்டிய சேர்மம்தானா என்பதற்கு என்.எம்.ஆர். நிறமாலை சாட்சி சொல்லும். மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்பதை அதன் முகடுகள் காட்டும். வேறு வழியில் தயாரித்த அதே சேர்மத்தின் முகடுகளோடு இவை பொருந்தினால் அடையாளத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் விளைபொருளின் அடையாளம் சரியாகவே இருந்தது. இன்றுவரை யாரும் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த நிறமாலை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். என்ன உருவானது என்ற கேள்விக்கு மட்டும்தான் அது விடை. எதனால் உருவானது என்பது அதற்குத் தெரியாது. ஹைட்ரஜன் நிறமாலையில் நூற்றில் ஓரிரு பங்கு கரிம மாசு இருந்தால் கூடுதல் முகடாகக் கண்ணில் படும். அதைவிட மிகக் குறைந்தால் அடிக்கோட்டு இரைச்சலில் கரைந்துவிடும். பல்லேடியம் அணுவோ அதில் தெரியவே தெரியாது. நிறமாலை மாசின்றி இருக்கிறது என்பதும் குடுவையில் உலோகம் இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். கட்டுரைகளைப் படிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். அழகான நிறமாலையைப் பார்த்ததும், கட்டுரை சொல்லும் மற்றவற்றுக்கும் அதுவே அத்தாட்சி என்று மனம் நம்பிவிடுகிறது.

லெட்பீட்டர் குழு கவனக்குறைவாக இருந்துவிடவில்லை. புதிய கண்ணாடிக் கலன்களையும் புதிய வேதிப்பொருள்களையும் பயன்படுத்தினார்கள். கலவையில் பல்லேடியம் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தார்கள். அவர்களுடைய கருவி பத்து லட்சத்தில் 0.1 பங்கு வரை, அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு வரை காணவல்லது. அந்த அளவுக்கு எதுவும் தென்படவில்லை. அன்றைய நிலையில் இது நேர்மையான, நல்ல சோதனை.

2005இல் அதே லெட்பீட்டர், வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து மறுமதிப்பீட்டுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வளையங்களை ஒட்டவைத்தது பல்லேடியமே என்றது அது. கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் அது ஒளிந்திருந்தது. அளவு, நூறு கோடியில் 50 பங்கு என்ற மட்டத்தில். வேறு விதமாகச் சொன்னால் இரண்டு கோடியில் ஒரு பங்கு. கருவியின் பார்வை ஒரு கோடியில் ஒன்றோடு நின்றது. மாசு அதில் பாதியாக இருந்தது. கார்பனேட் மற்றப் பொருள்களோடும் தண்ணீரோடும் கலந்தபின் அது இன்னும் நீர்த்துப்போயிருக்கும்.

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய அளவில் செய்யும் ஒரு வினையில் 0.4 கிராம் கார்பனேட் போடுகிறோம் என்று கொள்வோம். அதில் இருக்கும் பல்லேடியம் 20 நானோகிராம். எந்தத் தராசிலும் நிற்காத எடை. ஆனாலும் அதில் நூறு லட்சம் கோடிக்கும் சற்று அதிகமான அணுக்கள் இருக்கின்றன. வினைபுரிய வேண்டிய மூலக்கூறுகள் ஒரு மில்லிமோல் என்றால், ஒவ்வோர் அணுவும் சுமார் 50 லட்சம் ஜோடிகளை ஒட்டவைக்க வேண்டும். பெரிய எண்தான். ஆனால் பல்லேடியம் லட்சக்கணக்கான சுற்றுகள் ஓடக்கூடியது என்பது இத்துறையில் தெரிந்த செய்தி. நம் வீடுகளில், சரியாகக் கழுவாத தயிர்ப் பாத்திரத்தில் பாலை ஊற்றி வைத்தால் உறை ஊற்றாமலே தயிராகிவிடும் அல்லவா? பாத்திரத்தைப் பார்க்காதவர் பால் தானாகவே உறைந்தது என்றுதான் சொல்வார்.

புட்டியின் மீது ஒட்டியிருக்கும் சீட்டு இங்கே உதவாது. 99.5 சதவீதம் தூய்மை என்று அதில் எழுதியிருந்தால் மிச்சம் அரை சதவீதம் என்னவென்று அது சொல்வதில்லை. அந்த அரை சதவீதம், வினையை நடத்திய பல்லேடியத்தைப்போல ஒரு லட்சம் மடங்கு. அதில் பெரும்பகுதி ஈரமோ வேறு உப்போ ஆக இருக்கும், கெடுதல் இல்லை. எந்த மாசு எவ்வளவு இருந்தால் இந்த முடிவைப் பொய்யாக்கிவிடும் என்பதை வைத்துத்தான் தூய்மையைத் தீர்மானிக்க முடியும். விளைபொருளை வெறுமனே விற்கப்போகிறவருக்கு 99.5 போதும். உலோகமே இல்லை என்று சொல்பவருக்கு எட்டு ஒன்பதுகள்கூடப் போதாமல் போகலாம்.

ஆகவே ஒரு கட்டுரையில் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லைப் பார்த்தால் உடனே அதன் பக்கத்தில் ஓர் எண்ணைத் தேடுங்கள். எந்த அளவு வரை தேடினார்கள்? எந்தப் பொருளில் தேடினார்கள்: விளைபொருளிலா, கலவையிலா, ஒவ்வொரு மூலப்பொருளிலுமா? அந்த எல்லைக்குக் கீழே உள்ள உலோகத்தால் வினையை நடத்த முடியாது என்று காட்டினார்களா? இதைக் காட்டுவது கடினமன்று. மிகத் தூய்மையான கார்பனேட்டை எடுத்து, அதில் அளந்த பல்லேடியத்தை வேண்டுமென்றே சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்த அளவில் வினை விழித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இல்லாத உலோகமற்ற வினை எதையும் நான் பாதி நிரூபணம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அப்படியானால் வேறு ஆய்வகம் செய்து பார்த்து அதே முடிவு வந்தால் போதாதா? இதற்கு விடை 2021இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரியில் சீனாவின் ஹெஃபெய் நகர ஆய்வாளர்கள், ஓர் அமைன் சேர்மமே சுசுகி இணைப்புக்கு வினையூக்கியாக வேலை செய்கிறது என்று நேச்சர் கேட்டலிசிஸ் இதழில் எழுதினார்கள். பல நாடுகளில் உடனே செய்து பார்த்தார்கள். கட்டுரையில் சொன்னபடியே அமைனைத் தயாரித்தால் வினை நடந்தது! மறுசெய்கை என்ற அளவில் கட்டுரை தேறிவிட்டது.

சிக்கல் அமைனைத் தயாரித்த விதத்தில் இருந்தது. அதைச் செய்யும் படிகளில் ஒன்று பல்லேடியத்தைப் பயன்படுத்தியது. பாஸ்பீனோடு பிணைந்த பல்லேடியம், சுத்திகரிப்பிலும் பிரியாமல் அமைனோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஆகவே அதே செய்முறையைப் பின்பற்றிய ஒவ்வோர் ஆய்வகமும் அதே மாசையும் தன் கையாலேயே தயாரித்துக்கொண்டது. பல்லேடியம் தொடாத வேறு வழியில் அதே அமைனைத் தயாரித்துப் பார்த்தபோது வினை நடக்கவில்லை. இரண்டு அமைன்களின் மூலக்கூறும் ஒன்றுதான். செயல் மட்டும் வேறு. இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த ராபின் பெட்ஃபோர்டின் குழு உள்ளிட்டோர் இதைக் காட்டியபின், டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

செய்முறையை அப்படியே திரும்பச் செய்வது, எழுதியவர் கண்டதைக் கண்டார் என்பதை மட்டும் உறுதிசெய்யும். அவர் சொன்ன காரணம் சரியா என்று அறிய, செய்முறையை வேண்டுமென்றே மாற்ற வேண்டும். பொருளை வேறு வழியில் தயாரித்தல், வேறு நிறுவனத்தின் புட்டியிலிருந்து எடுத்தல், கலனையும் கிளறியையும் மாற்றுதல் என்று. கிளறி என்றதும் நினைவுக்கு வருகிறது: குடுவைக்குள் சுழலும் சிறு காந்தத் தண்டின் வெள்ளை டெஃப்லான் உறையிலேயே முந்தைய வினைகளின் உலோகம் நுண்கீறல்களில் தங்கிவிடுகிறது என்று ரஷ்யாவின் வாலன்டைன் அனனிகோவ் குழு 2019இல் காட்டியது. கழுவினாலும் அது முழுதாகப் போவதில்லை. உலோகமற்ற வினை என்று சொல்லும் கட்டுரையில் புதிய கிளறி பயன்படுத்தப்பட்டதா என்ற ஒரு வரி இருக்கிறதா என்று இப்போது நடுவர்கள் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட விவரங்கள் கட்டுரையின் முதன்மைப் பக்கங்களில் கிடைக்காது. இணைப்புக் கோப்பில்தான் இருக்கும்: எந்த நிறுவனத்தின் கார்பனேட், எந்தத் தரம், எந்தத் தொகுதி எண், வினையூக்கி போடாத வெற்றுச் சோதனையில் எவ்வளவு விளைச்சல். வெற்றுச் சோதனையில் பூஜ்யம் இல்லாமல் மூன்று, நான்கு சதவீதம் வந்திருந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். குடுவையில் ஏதோ ஒன்று ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயமாக இருக்கலாம்.

1921 முதல் வெளிவரும் ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற இதழில், ஒரு செய்முறையை ஆசிரியர் குழுவினர் ஒருவரின் ஆய்வகத்தில் செய்து பார்த்த பிறகே அச்சிடுகிறார்கள். அதன் அடிக்குறிப்புகளில் வேதிப்பொருள் எங்கே வாங்கியது, என்ன தரம் என்பதெல்லாம் இருக்கும். மற்ற இதழ்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே அந்த வேலை படிப்பவரிடம் வந்துசேர்கிறது. லெட்பீட்டர் அதைத் தாமே செய்தார். தன் கூற்றைத் தன் பெயரிலேயே திருத்தியதோடு, அந்த அற்ப அளவுப் பல்லேடியத்தை அளந்து சேர்த்து வளையங்களை ஒட்டவைக்கும் முறையையும் அதே 2005ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதினார். இரண்டில் எதைப் படிப்பது என்று ஒரு மாணவர் கேட்டால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வேன். நேரம் குறைவென்றால் இரண்டாவதை.