தலைப்பே கேள்வி: இரு வகைகளைக் குறுக்கே வைத்து எண்ணும் கட்டம்

ஒரு கிளை நூலகம் வாசகர்களிடம் சீட்டுக் கொடுத்து மூன்று விவரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் யார், எந்த நேரத்தில் நூலகம் திறந்திருந்தால் வசதி, எதை விரும்பிப் படிக்கிறீர்கள். 60 சீட்டுகள் திரும்பி வருகின்றன. நேரத்தை மட்டும் எண்ணினால் பாதிக்கும் மேற்பட்டோர் மாலையைக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் காலை நேரத்தைக் குறைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காலையைக் கேட்டவர்கள் யார் என்று அந்த எண்ணிக்கை சொல்லவில்லை. ஆளையும் நேரத்தையும் சேர்த்து எண்ணினால்தான் அது தெரியும். அதற்குத்தான் குறுக்கு அட்டவணை.

எக்செலில் இதை அமைப்பது எளிது. சீட்டுகளிலுள்ள பதில்கள் B, C நெடுவரிசைகளில் இருக்கட்டும்: B-யில் வாசகர் வகை, C-யில் நேரம், 2-ஆம் வரிசையிலிருந்து 61 வரை. பக்கத்தில் காலியிடம் பார்த்துக் கட்டத்தைத் தொடங்குங்கள். E3 முதல் E6 வரை கீழ்நோக்கி மாணவர், வேலைக்குச் செல்பவர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர். F2 முதல் H2 வரை பக்கவாட்டில் காலை, பிற்பகல், மாலை. நடுவில் 12 செல்கள் காலியாக நிற்கும். அவற்றில் முதலாவதான F3-இல் இதை எழுத வேண்டும்:

```
=COUNTIFS($B$2:$B$61,$E3,$C$2:$C$61,F$2)
```

B-யில் E3-இலுள்ள சொல்லும், அதே வரிசையில் C-யில் F2-இலுள்ள சொல்லும் இருந்தால் ஒன்று என்று எண்ணு என்பதே இதன் பொருள். ஃபார்முலாவுக்குள் "மாணவர்" என்றோ "காலை" என்றோ எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியிருந்தால் 12 செல்லுக்கும் 12 ஃபார்முலாக்களைத் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். இங்கே தலைப்பில் என்ன இருக்கிறதோ அதுவே தேடும் சொல். "பிற்பகல்" என்ற தலைப்பை "இரவு" என்று மாற்றினால், அடுத்த நொடியே அந்த நெடுவரிசை இரவைக் கேட்டவர்களை எண்ணத் தொடங்கிவிடும்.

இனி இந்த ஒரே ஃபார்முலாவை வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் கட்டம் நிரம்பும். அது சரியாக நிரம்புவது டாலர் குறிகள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. $E3 என்பதில் E-க்கு முன்னால் மட்டும் டாலர் இருப்பதால், எவ்வளவு வலப்பக்கம் போனாலும் E நெடுவரிசையையே பார்க்கும். கீழே இறங்கும்போது மட்டும் E4, E5 என்று மாறும். F$2 இதற்கு நேரெதிர். வலப்பக்கம் போகும்போது G, H என்று நகரும், ஆனால் 2-ஆம் வரிசையை விட்டு இறங்காது. பதில்கள் இருக்கும் இடம் எங்குமே நகரக் கூடாது என்பதால் அங்கு இரண்டு பக்கமும் டாலர். இவற்றைக் கையால் அடிக்கத் தேவையில்லை. ஃபார்முலாவில் அந்த இடத்தில் கர்சரை வைத்து F4-ஐ ஒருமுறை அழுத்தினால் $E$3, இன்னொரு முறை E$3, மூன்றாம் முறை $E3.

டாலர் தப்பினால் எல்லாத் தவறும் கண்ணுக்குத் தெரிந்துவிடாது. $E3-இல் டாலரை விட்டால் வலப்பக்கமெல்லாம் பூஜ்யமாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும். பதில்களின் எல்லையில் வரிசை எண்ணுக்கு முன்னால் டாலரை விட்டதுதான் ஆபத்து. ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் அந்த எல்லையும் ஒரு வரிசை இறங்கும். நான்காவது வரிசையில் அது B5-இலிருந்து தொடங்கி, முதல் மூன்று வாசகர்களை விட்டுவிடும். ஓர் எண் 7-க்குப் பதில் 6 என்று வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அதனால் கட்டம் நிரம்பியதும் முதல் வேலை மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது. நம் நூலகத்தின் கட்டம் இப்படி வந்தது என்று கொள்வோம். மாணவர் 3, 2, 17. வேலைக்குச் செல்பவர் 4, 1, 12. இல்லத்தரசி 2, 7, 1. ஓய்வு பெற்றவர் 7, 1, 0. கூட்டினால் 57. சீட்டுகளோ 60. டாலரெல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் மூன்று பேர் எங்கே?

ஃபார்முலா தலைப்போடு அச்சாகப் பொருந்துவதை மட்டுமே எண்ணும். பொருந்தாததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. பதில்களுக்குப் பக்கத்தில் காலியாக உள்ள ஒரு நெடுவரிசையில், 2-ஆம் வரிசையிலிருந்து 61 வரை இந்தச் சோதனையை ஓடவிட்டால் மூவரும் அகப்படுவார்கள்:

```
=COUNTIF($E$3:$E$6,B2)*COUNTIF($F$2:$H$2,C2)
```

இரண்டு பதிலும் தலைப்புகளில் இருந்தால் 1 வரும். இல்லாவிட்டால் 0. நம் பட்டியலில் முதல் 0-வில் "மாணவர்" என்பதற்குப் பதில் "மாணவர்கள்" என்று தட்டச்சாகியிருந்தது. இரண்டாவதில் வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு "மாலை" என்றுதான் இருந்தது, கண்ணால் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. LEN என்ற ஃபார்முலாவால் அளந்தால் 4-க்குப் பதில் 5 வந்தது. கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. (துணைக்காலையும் ஐகாரக் கொம்பையும் எக்செல் தனித்தனியாக எண்ணுவதால் "மாலை" இரண்டல்ல, நான்கு.) TRIM அந்த இடைவெளியை நீக்கிவிடும். மூன்றாவது, ஓர் இல்லத்தரசி நேரத்தைக் குறிக்காமலே விட்டிருந்தார். அந்தக் காலிச் செல்லில் "பதில் இல்லை" என்று நிரப்பி, I2-இல் அதையே நான்காவது தலைப்பாக வைத்து, ஃபார்முலாவை I நெடுவரிசைக்கும் இழுத்தால் அவரும் கணக்குக்குள் வந்துவிடுவார். இப்போது மாலை 32, காலை 16, பிற்பகல் 11, பதில் இல்லை 1. மொத்தம் 60.

தலைப்பே தேடும் சொல் என்பதால் தலைப்பு எழுதுவதிலும் கவனம் வேண்டும். வயதுப் பிரிவை "<18" என்று எழுதினால் எக்செல் அதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளாது. 18-ஐவிடச் சிறிய எண்ணைத் தேடு என்ற கட்டளையாகப் படித்து, பூஜ்யம் காட்டும். சிறுவர் பிரிவுக்கு 6-12 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். "18-க்குக் கீழ்", "6 முதல் 12 வரை" என்று சீட்டிலும் தலைப்பிலும் ஒரேமாதிரி எழுதுவதே நல்லது.

இதையெல்லாம் பிவட் டேபிள் தானே செய்துவிடுமே என்று கேட்கலாம். செய்யும். "மாணவர்கள்" என்ற தவறான பதிலையும் தனி வரிசையாகக் காட்டி எச்சரிக்கும். ஆனால் புதிய சீட்டுகளைச் சேர்த்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும். மாதாமாதம் ஒரே வடிவத்தில், ஒரே தலைப்புகளோடு அறிக்கை தர வேண்டியவர்களுக்கு ஃபார்முலாக் கட்டமே என் தேர்வு. எல்லையை 61-இல் நிறுத்தாமல் 500 என்று வைத்தால், பின்னால் வரும் சீட்டுகளும் தாமாகச் சேரும். காலி வரிசைகள் எந்தத் தலைப்புக்கும் பொருந்தாததால் கணக்கு கெடாது.

மூன்றாவது கேள்விதான் சற்றுச் சிக்கல். எதைப் படிக்கிறீர்கள் என்பதற்கு ஒருவர் பலவற்றைச் சொல்லியிருப்பார், "நாவல், கவிதை" என்று ஒரே செல்லில். அப்போது தலைப்பின் இருபுறமும் நட்சத்திரக் குறி சேர்த்து, "*"&F$2&"*" என்று எழுதினால், செல்லுக்குள் எங்கே அந்தச் சொல் வந்தாலும் எண்ணும். "கதை" என்று தலைப்பு வைத்தால் "சிறுகதை" என்றவர்களும் அதில் விழுவார்கள். ஒரு தலைப்பு இன்னொன்றின் வயிற்றுக்குள் இல்லாதபடி சொற்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒருவரே பல இடங்களில் எண்ணப்படுவதால் மொத்தம் 60-ஐத் தாண்டும், கூட்டிப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. ஆனால் ஓய்வு பெற்றவர்கள் 8 பேர்தான் என்பதால், அந்த வரிசையின் எந்தச் செல்லிலும் 8-க்கு மேல் வரக் கூடாது.